தேரி மணலும் மரவரிசைக் கணக்கும்

தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டில் ஆடிக் காற்று வீசும்போது குனிந்து பாருங்கள். செம்மணல் பறப்பதைவிடக் குதிப்பதே அதிகம். கணுக்கால் உயரத்தில் துள்ளி விழும் ஒவ்வொரு மணியும் தரையில் கிடப்பதை மோதிக் கிளப்பிவிடும். அரை மில்லிமீட்டருக்குக் குறைவான மணிகள்தான் இப்படிக் குதிக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுக் கட்டிகளைக் காற்று அசைப்பது அரிது.

அதனால் வெற்று நிலத்தின் ஆபத்தை அறிய ஒரு சல்லடை போதும். மேல்மண்ணில் ஒரு கிலோவைக் கட்டி உடையாமல் அள்ளி உலர்த்தி, ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் மெல்ல ஆட்டுங்கள். மேலே 100 கிராம் தங்கினால் பத்து சதவீதம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலச் சூழலுக்கு வகுத்த அட்டவணைப்படி, அப்படிப்பட்ட வெற்று நிலம் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 300 டன் மண்ணை இழக்கும். அது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமன். நம் காற்றும் மழையும் வேறு என்பதால், இதை நிலங்களை ஒப்பிட மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

காற்றின் சராசரி வேகத்தை நம்பாதீர்கள். மணல் நகர்வு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். மணலை அசைக்கும் காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் மூன்று மடங்குக்கும் மேல் மணல் போகும். கடுங்காற்று வீசும் மணிநேரங்களையே கணக்கில் எடுக்க வேண்டும்.

மரவரிசைகளின் இடைவெளிக்கு 1952-இல் உட்ரஃப், சிங் இருவரும் தந்த சூத்திரம் இன்றும் உதவுகிறது. மர உயரத்தை 17-ஆல் பெருக்குங்கள். மணலை அசைக்கத் தொடங்கும் வேகமான மணிக்கு 34 கிலோமீட்டரை உங்கள் கடுங்காற்றின் வேகத்தால் வகுத்து அதோடு பெருக்குங்கள். சவுக்கு எட்டு மீட்டர், காற்று 45 என்றால் 103 மீட்டர் வரும். காற்று வரிசைக்கு நேர்குத்தாக வராமல் 30 பாகை சாய்ந்து வந்தால் அது 89 மீட்டராகச் சுருங்கும்.

தப்பு நடப்பது இங்கேதான். எட்டு மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டு, கன்று நட்ட கையோடு நிம்மதியாகிவிடுகிறோம். நான்கு மீட்டர் வளர்ந்த சவுக்கு 45 மீட்டரைத்தான் காக்கும். அதுவரை நடுவே ஒரு மீட்டர் உயரப் பனையோலைத் தட்டிகளைப் பதினொரு மீட்டருக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும்.

சுவர் போல அடைத்து நடவும் கூடாது. பாதியளவு காற்று ஊடுருவ வேண்டும், இல்லையேல் மறுபுறம் சுழல் எழும். அதற்காக அடிக்கிளைகளை வெட்டினால் கீழே காற்று சீறிப் பாயும். வண்டிப்பாதைக்கு விட்ட சந்திலும் அதே கதைதான். அதைக் காற்றுக்குச் சாய்வாக வெட்டுங்கள்.

ஆடி முடிந்ததும் வரிசையிலிருந்து நடந்து போங்கள். மணல் அலையலையாகப் படிந்து, செடிகளின் வேர் வெளியே தெரியத் தொடங்கும் இடம் 70 மீட்டரில் வந்தால், அடுத்த வரிசையை அதற்கு முன்னாலேயே நட வேண்டும்.