திரையும் ஆவணமும் – 9: ஒரு விபத்து, இரண்டு அறிக்கைகள்

‘செர்னோபில்’ தொடரின் கடைசியில் வரும் பாலத்தைப் பற்றிய வாசகத்துக்கு ஆதாரம் இல்லை என்று போன வாரம் பார்த்தோம். அணு உலைக்கு அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்க இறங்கிய மூன்று பேரின் கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் இன்சாக்-7 என்ற அறிக்கை கையில் சிக்கிவிட்டது. அதைப் பேசாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் குறுந்தொடரைப் பார்ப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் எனப் பல வாசகர்கள் கேட்கிறார்கள். எனக்கு முதல் நிபந்தனை ஒன்றுதான். அந்தச் சம்பவத்தைப் பற்றி அதிகாரபூர்வ விசாரணை நடந்திருக்க வேண்டும், அதன் அறிக்கை எல்லோருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும். எழுதியவரே எதை மாற்றினேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. 2019இல் வந்த ‘செர்னோபில்’ இரண்டிலும் தேறுகிறது. ஐந்தே பாகங்கள். ஒவ்வொரு பாகத்தோடும் எழுத்தாளர் கிரெய்க் மேசின் ஒரு பாட்காஸ்ட் வெளியிட்டார். நீதிமன்றக் காட்சியில் பேசும் விஞ்ஞானி லெகாசோவ் உண்மையில் அந்த விசாரணைக்குப் போகவே இல்லை என்பது போன்றவற்றை அதில் அவரே சொல்லிவிடுகிறார்.

அந்த நீதிமன்றக் காட்சியில்தான் என் கதை தொடங்குகிறது. ஐந்தாம் பாகத்தில் லெகாசோவ் சிவப்பு, நீல அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி, உலை எப்படி வெடித்தது என்று விளக்குகிறார். உலையின் வினையைக் கூட்டுவது சிவப்பு, குறைப்பது நீலம். இவ்வளவு தெளிவான விளக்கம் வேறெந்தத் தொடரிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பார்த்து முடித்ததும் நம் மனதில் இரண்டு முடிவுகள் பதிகின்றன. கட்டுப்பாட்டுக் கோல்களின் வடிவமைப்பில் இருந்த குறையை அரசு மறைத்தது என்பது ஒன்று. துணைத் தலைமைப் பொறியாளர் தியாத்லோவ் விதிகளையெல்லாம் மிதித்துக்கொண்டு அன்றிரவின் சோதனையை நடத்தினார் என்பது மற்றொன்று.

இந்த இரண்டு முடிவுகளும் இரண்டு வெவ்வேறு அறிக்கைகளிலிருந்து வருகின்றன!

1986 ஏப்ரல் 26 அதிகாலை விபத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமை நடத்திய கூட்டத்தில் சோவியத் குழு விளக்கம் அளித்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் லெகாசோவ். அந்த விளக்கத்தின் அடிப்படையில் முகமையின் ஆலோசனைக் குழு வெளியிட்டதுதான் இன்சாக்-1. ஊழியர்கள் அடுக்கடுக்காகச் செய்த விதிமீறல்களே முக்கியக் காரணம் என்றது அது. பிறகு சோவியத் நிபுணர்களே மறுபடி விசாரித்தார்கள், புதிய ஆவணங்கள் வெளியே வந்தன. 1992இல் அதே குழு தன் பழைய முடிவைத் திருத்தி இன்சாக்-7ஐ வெளியிட்டது. எடை, ஊழியர்களின் பக்கத்திலிருந்து உலையின் வடிவமைப்புப் பக்கம் சாய்ந்தது.

கோலின் குறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நியூட்ரானை விழுங்கும் போரான் கோலுக்குக் கீழே கிராஃபைட்டால் ஆன ஒரு நீளத் துண்டு தொங்கும். கோலை முழுக்க மேலே இழுத்திருக்கும்போது அந்தத் துண்டு உலையின் நடுப்பகுதியில் நிற்கும். அதற்குக் கீழே சுமார் ஒன்றேகால் மீட்டருக்குத் தண்ணீர். தண்ணீரும் ஓரளவு நியூட்ரானை விழுங்கும். உலையை நிறுத்தக் கோலை இறக்கினால் முதலில் கிராஃபைட் கீழே வந்து அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். உடனே உலையின் அடிப்பகுதியில் வினை கூடும். கோல் முழுதாக இறங்க 18 முதல் 20 நொடி ஆகும். நிறுத்தும் பொத்தானே முதல் சில நொடிகளுக்கு முடுக்கும் பொத்தானாகிவிடுகிறது. 1983இல் லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் இந்த விளைவை நேரிலேயே கண்டார்கள். அப்படியும் கோல்கள் மாற்றப்படவில்லை. இதுவரை தொடர் சொல்வதும் இன்சாக்-7 சொல்வதும் ஒத்துப்போகின்றன.

தியாத்லோவ் விஷயத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. சோதனைத் திட்டத்தில் எழுதியிருந்தது 700 மெகாவாட்டும் அதற்கு மேலும். அன்றிரவு 200இல் நடத்தினார்கள். திட்டத்திலிருந்து விலகியது உண்மை. ஆனால் 700க்குக் கீழே உலையை இயக்கக் கூடாது என்ற தடை அன்றைய இயக்க விதிகளில் இல்லை என்கிறது இன்சாக்-7. விதிமீறல் என்று முதல் அறிக்கை பட்டியலிட்ட வேறு சிலவும் அன்றைய விதிகளின்படி அனுமதிக்கப்பட்டவையே. உலைக்குள் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய கோல்களின் கணக்கு எல்லைக்குக் கீழே இறங்கியது உண்மையான மீறல். ஆனால் அந்தக் கணக்கைக் கணினி போட்டுக் கொடுக்கவே பல நிமிடங்கள் பிடிக்கும். அது குறைந்தால் நிறுத்தும் பொத்தானே ஆபத்தாகும் என்று ஊழியர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத இடம் அடுத்தது. தொடரில் உலையின் திறன் தாறுமாறாக ஏறுகிறது, ஊழியர்கள் பதறுகிறார்கள், அவர்களில் ஒருவரான அகிமோவ், ஏ.இஸட்-5 என்ற அந்த நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறார். இன்சாக்-7உடன் இணைத்திருக்கும் சோவியத் ஆணையத்தின் அறிக்கையோ வேறு விதமாகப் பேசுகிறது. 1:23:40க்குப் பொத்தான் அழுத்தப்படுவதற்கு முன்னால், அவசரமாக நிறுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லக்கூடிய எந்த மாற்றமும் கருவிகளில் பதிவாகவில்லை. ஏன் அழுத்தினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆணையமே எழுதிவைத்திருக்கிறது. சோதனை முடிந்தது, உலையை நிறுத்துவோம் என்று சாதாரணமாகத்தான் அழுத்தினார்கள் என்பது தியாத்லோவின் வாதம். அந்த வாதத்தை ஏற்றால் கதையே மாறிவிடுகிறது. ஆபத்தைப் பார்த்து அழுத்திய பொத்தான் என்பது போய், அந்தப் பொத்தானிலிருந்துதான் ஆபத்தே கிளம்பியது என்றாகிறது. திரைக்கதைக்குப் பதற்றம் தேவை, அதனால் முதல் வரிசையை எடுத்துக்கொண்டது. சரிபார்க்கிறவர்கள் வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப நான் எழுதுவது இதனால்தான்.

இன்னொன்றும் பாருங்கள். இன்சாக்-1ஐ மட்டும் படித்த ஒருவர், அதிகாரபூர்வ அறிக்கையோடு ஒப்பிட்டுவிட்டேன், தியாத்லோவ் பாத்திரம் சரியாகவே இருக்கிறது என்று நிம்மதியாக எழுந்துவிடலாம். நம்பகமான அமைப்பு, நம்பகமான ஆவணம், ஆனால் ஆறு வருடத்தில் அதே அமைப்பு கைவிட்ட முடிவு. ஆகவே எந்த அறிக்கையை எடுத்தாலும் முதலில் அதன் ஆண்டைப் பாருங்கள், அதைத் திருத்திப் பின்னால் ஏதாவது வந்ததா என்று தேடுங்கள். இணையத்தில் INSAG-7 என்று தட்டினால் முகமையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம், ஊழியர்களின் செயல்களைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

இதற்காக இன்சாக்-7 தியாத்லோவை முற்றாக விடுவித்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்த திறனில் சோதனையைத் தொடர்ந்தது தவறான முடிவு என்பதில் அதுவும் உறுதியாக நிற்கிறது. அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது, 1990இல் விடுதலையானார், 1995இல் இறந்தார். திரையில் அவரைக் கத்தவைத்தவர்கள், அறிக்கை திருத்தப்பட்டதைப் பற்றிக் கடைசி வாசகங்களில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கூடங்குளத்தில் இருப்பதும் இதே உலையா என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. இல்லை. இரண்டும் ரஷ்ய வடிவமைப்புதான், ஆனால் கூடங்குளத்தில் இருப்பது வி.வி.இ.ஆர். வகை. அதில் நியூட்ரானின் வேகத்தைத் தணிப்பது தண்ணீர், கிராஃபைட் கிடையாது. அதனால் இங்கே சொன்ன கோல் கோளாறு அதற்குப் பொருந்தாது. அதன் பாதுகாப்பைப் பற்றிய கேள்விகள் வேறு, அவற்றை இந்தத் தொடரின் காட்சிகளை வைத்துப் பேச முடியாது.

தண்ணீருக்குள் இறங்கிய அனனென்கோ, பெஸ்பலோவ், பரனோவ் மூவரும் அடுத்த வாரம். அதற்குள் இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சிகளை ஒருமுறை பார்த்து வையுங்கள். அவர்கள் தாமாக முன்வந்தார்களா, அல்லது அன்றைய வேலை அதுவாக இருந்ததா என்ற ஒரே கேள்வியோடு பாருங்கள். அனனென்கோவே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

(தொடரும்)