சங்கிலியின் துவாரங்கள் ஏன் அடைபடுகின்றன? நகைப் படத்தில் பின்னணியை நீக்கும் முறை

புலம்பெயர்ந்த நாடுகளில் நகைகள் பல வேளைகளில் படத்தை நம்பியே கைமாறுகின்றன. ரொறன்ரோவில் வீட்டிலிருந்தபடி நகை விற்பவரிடம் நோர்வேயில் இருப்பவர் படம் பார்த்து வாங்குகிறார். அம்மாவின் நகைகளை மூன்று நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும்போதும் முதலில் படங்கள்தான் வந்து சேர்கின்றன. படத்தில் கண்ணிகளுக்கு இடையிலான துவாரங்கள் அடைபட்டிருந்தால், மெல்லிய சங்கிலி தடித்த பட்டியாகத் தெரியும். வாங்கியவர் பொதியைப் பிரித்ததும் "இதுவா நான் பார்த்தது?" என்று கேட்பார். நகையை விற்றவர் ஏமாற்றவில்லை. பின்னணியை நீக்கிய மென்பொருள்தான் சங்கிலியின் உருவத்தை மாற்றிவிட்டது.

ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்கும் கருவிகள் மனிதரையும் காலணியையும் நன்றாகவே வெட்டுகின்றன. நகையில் மட்டும் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அளவு. இருபது சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பரப்பி வைத்த ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசிப் படத்தின் அகலம் 4000 பிக்சல் என்றால், ஒரு மில்லிமீற்றருக்கு 20 பிக்சல் கிடைக்கிறது. கண்ணிக்குள் அரை மில்லிமீற்றர் துவாரம் இருந்தால் அது 10 பிக்சல். நம் கண்ணுக்கு அது தெளிவாகவே தெரியும். ஆனால் இத்தகைய கருவிகள் பல, படத்தை முதலில் சிறிதாகச் சுருக்கி, அந்தச் சிறிய படத்தில்தான் எது நகை, எது பின்னணி என்று முடிவெடுக்கின்றன. எடுத்துக்காட்டாக, rembg என்ற இலவசக் கருவியில் உள்ள u2net மாதிரி, படத்தை 320 பிக்சல் சதுரமாக்கிப் பார்க்கிறது. அப்போது 4000 பிக்சல் அகலத்தில் ஒவ்வொரு 12.5 பிக்சலும் ஒன்றாகிவிடும். நமது 10 பிக்சல் துவாரம் ஒரு பிக்சலுக்கும் குறைந்து, உலோகத்தோடு கலந்துவிடுகிறது. 1024 பிக்சலில் வேலை செய்யும் மாதிரிகளிலும் அதற்கு இரண்டரை பிக்சல்தான் மிஞ்சும். துவாரம் திறப்பதற்குப் பதிலாக மங்கலான புகைபோல வரும்.

இரண்டாவது, பளபளப்பு. மெருகேற்றிய தங்கம் தன் நிறத்தை மட்டும் காட்டுவதில்லை. சுற்றியுள்ளவற்றையும் கண்ணாடிபோலக் காட்டுகிறது. வெள்ளைத் தாளில் வைத்தால் வளைவுகளில் வெள்ளை விழும், கறுப்புத் துணியில் வைத்தால் கறுப்பு விழும். அந்த இடங்களில் நகையின் பிக்சலும் தாளின் பிக்சலும் ஒரே நிறமாகிவிடுகின்றன. பிரித்தறிய அங்கே தகவலே இல்லாததால், எவ்வளவு கெட்டிக்காரக் கருவியும் ஊகிக்கத்தான் முடியும். பச்சைத் துணியும் உதவாது. தங்கத்தில் பச்சைச் சாயல் ஏறிவிடும்.

ஆகவே நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் முயற்சியை விட்டுவிட வேண்டும். உலோகம் எதைப் பிரதிபலித்தாலும், ஒளியை ஊடுருவ விடாது. துவாரம் ஊடுருவ விடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஒரே இடத்திலிருந்து இரண்டு படங்கள் எடுப்பதே தீர்வு. ஒன்று நகையின் அழகுக்காக, மற்றது அதன் நிழலுருவுக்காக.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். படச்சட்டத்தின் கண்ணாடி ஒன்றை எடுத்து, இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, மேசையிலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றர் உயரத்தில் வையுங்கள். கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் மட்டும் ஒளி விழுமாறு ஒரு மேசை விளக்கை வையுங்கள். சங்கிலியைக் கண்ணாடியின்மீது பரப்பி, கைத்தொலைபேசியை நேர் மேலே ஒரு தாங்கியில் அசையாமல் பொருத்துங்கள். திரையை நீண்ட நேரம் அழுத்திக் குவியத்தைப் பூட்டுங்கள். குவியம் மாறினால் உருவத்தின் அளவும் சற்று மாறி, இரண்டு படங்களும் பொருந்தாமல் போகும். இரவுப் பயன்முறையையும் நிறுத்திவிடுங்கள். தொட்டு அசைக்காமல் இருக்க, தாமதப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

முதல் படத்தை வழக்கம்போல மேலிருந்து மென்மையான ஒளியில் எடுங்கள். பின்னர் நகையையும் தொலைபேசியையும் தொடாமல், மேல் விளக்குகளை அணைத்து, யன்னல் திரையையும் மூடி, கீழ் விளக்கை மட்டும் எரியவிட்டு இரண்டாவதை எடுங்கள். இப்போது நகை கறுப்பாகவும், பின்னணியும் ஒவ்வொரு துவாரமும் வெள்ளையாகவும் வரும். தாள் வெள்ளையாகத் தெரியும் அளவு ஒளி போதும். அதற்கு மேல் கூட்டினால் ஒளி பரவி, மெல்லிய கம்பிகளைத் தின்றுவிடும்.

மீதி வேலையை ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். இரண்டாவது படத்தைத் திறந்து, `Colors > Desaturate` மூலம் நிறத்தை நீக்குங்கள். `Colors > Levels` சென்று, இடப்பக்கக் குறியை நகை முழுக் கறுப்பாகும்வரையும், வலப்பக்கக் குறியைத் தாள் முழு வெள்ளையாகும்வரையும் நகர்த்துங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சிறிது இடம் விடுங்கள். இல்லாவிட்டால் விளிம்புகள் படிக்கட்டுப்போல வெட்டப்படும். அடுத்து `Colors > Invert` கொடுத்தால் நகை வெள்ளையாகும். இதை முழுவதும் தெரிவுசெய்து பிரதியெடுங்கள். முதல் படத்தைத் திறந்து, `Layer > Mask` பட்டியலில் மறைப்பு ஒன்றைச் சேர்த்து, பிரதியெடுத்ததை அதில் ஒட்டி, `Layer > Anchor Layer` கொடுங்கள். மறைப்பில் வெள்ளையான பகுதி மட்டுமே படத்தில் மிஞ்சும். நமது 10 பிக்சல் துவாரம் 10 பிக்சலாகவே திறந்திருக்கும், ஏனெனில் எந்த இடத்திலும் படம் சுருக்கப்படவில்லை.

முடிவைச் சோதிக்க, நகைக்குக் கீழே கடும் நீல நிற அடுக்கு ஒன்றை வைத்து, நூறு வீதப் பெரிதாக்கத்தில் ஓரம் ஓரமாகப் பாருங்கள். மூன்று குறைகள் தென்படலாம்.

உலோகத்தின் ஓரத்தில் நீலக் கடி விழுந்திருந்தால், வட்டமான கம்பியின் விளிம்பு கீழ் ஒளியைப் பிரதிபலித்திருக்கிறது. வெள்ளைத் தாளில் சங்கிலிக்குக் கீழே தேவையான பரப்பை மட்டும் விட்டு, மீதியைக் கறுப்புத் தாளால் மூடி மறுபடி எடுங்கள்.

நகையைச் சுற்றி வெளிறிய கோடு தெரிந்தால், விளிம்பில் முதல் படத்தின் பின்னணி ஒட்டியிருக்கிறது. மறைப்பைத் தெரிவுசெய்து, `Levels` நடுக்குறியைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினால், விளிம்பு மிகச் சிறிதளவு உள்ளே வரும். ஒரு மில்லிமீற்றர் கம்பிக்கு 20 பிக்சல் இருப்பதால், இரு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் குறைந்தாலும் தெரியாது. நாலே பிக்சல் உள்ள நூல் கம்பியில் அது பாதியைக் கொண்டுபோய்விடும். அப்படியான நகைக்கு வெள்ளைப் பின்னணியையே இறுதிப் பின்னணியாக வைப்பது நல்லது.

மூன்றாவது, கற்கள். பின்புறம் அடைத்துக் கட்டிய சிவப்புக்கல் அட்டியலில் பிரச்சினை இல்லை. பின்புறம் திறந்த கல் ஒளியை விட்டுவிடுவதால், அந்த இடம் பாதி மறைந்து போகும். மறைப்பில் கல்லின்மேல் மட்டும் வெள்ளைத் தூரிகையால் பூசினால் கல் திரும்ப வந்துவிடும்.

கடைசியாக, நீல அடுக்கை எடுத்துவிட்டுப் படத்தை PNG ஆகச் சேமியுங்கள். JPEG வெறுமையான பின்னணியை வைத்திருக்காது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, திறந்த துவாரங்களும் மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் நீங்கள் சேமித்தது அப்படியே போய்ச் சேரும்.