மைக் திறந்தால் பாட்டு சுருங்கும்

மடிக்கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, காதில் ப்ளூடூத் இயர்போன். ஆன்லைன் மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடி அந்தப் பாட்டு உருமாறிவிடுகிறது. வயலினின் மினுமினுப்பு காணாமல் போகிறது, இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறுபாடு இல்லை, பாடகர் பழைய டெலிபோனுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கிறது. மீட்டிங்கை மூடியதும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். இயர்போன் பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. மைக் திறக்கப்பட்டதால் ப்ளூடூத் இணைப்பு வேறொரு முறைக்கு மாறியிருக்கிறது.

வழக்கமான ப்ளூடூத்தில் ஒலியை அனுப்ப இரண்டு முறைகள் இருக்கின்றன. ஏ2டிபி என்பது இசைக்கானது. ஹெச்எஃப்பி என்பது அழைப்புக்கானது. காரில் கையில் எடுக்காமல் போன் பேச வசதி செய்வதற்காக எழுதப்பட்டது. விண்டோஸ் 10 கணினியில் ஒரே இயர்போன் Stereo என்றும் Hands-Free AG Audio என்றும் இரண்டு கருவிகளாகத் தெரிவது இதனால்தான். இசை முறையில் ஒலி கணினியிலிருந்து காதுக்கு மட்டும் போகும். திரும்பி வர வழி கிடையாது. மைக்கின் ஒலி வேண்டுமென்றால் அழைப்பு முறைக்குப் போயாக வேண்டும். போனால், காதுக்கு வரும் ஒலியும் அந்த முறையிலேயே வரும். ஒரு வழியை இசை முறையிலும் மறு வழியை அழைப்பு முறையிலுமாக வைத்துக்கொள்ள சாதாரண இயர்போன்களில் இடமில்லை.

இரண்டு முறைகளும் காலத்தை நடத்தும் விதமே வேறு. இசை முறையில் அவசரம் இல்லை. அனுப்பிய பொட்டலம் சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பலாம். அதுவரை இயர்போன் தன் நினைவகத்தில் சேர்த்துவைத்த ஒலியை ஒலிக்கவிடும். இதனால் பாட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதித்தே காதை அடைகிறது. பாட்டு கேட்பவருக்கு அது தெரியப்போவதில்லை. பேச்சில் அந்தத் தாமதம் தாங்காது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மீண்டும் மோதிக்கொள்வார்கள்.

ஆகவே அழைப்பு முறை குறித்த நேரத்தில் கிளம்பிவிடும் பேருந்தைப்போல் இயங்குகிறது. ப்ளூடூத் ஒரு நொடியை 1,600 துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அழைப்பின் பழைய அடிப்படை ஏற்பாட்டில், ஆறு துண்டுக்கு ஒன்று உங்கள் காதுக்கு, ஒன்று உங்கள் மைக்குக்கு என்று நிரந்தரமாக ஒதுக்கப்படும். ஒவ்வொன்றும் 30 பைட் சுமக்கும். கணக்கிட்டால் ஒரு திசைக்கு நொடிக்கு 64 கிலோபிட். தவறிய பொட்டலத்துக்காகக் காத்திருப்பது இல்லை. பின்னர் வந்த ஏற்பாட்டில் ஓரிரு முறை மறுபடி அனுப்ப இடமுண்டு, அதற்குள் சேராவிட்டால் அந்தத் துணுக்கு போனது போனதுதான். கூட்டமான இடத்தில் பேசும்போது குரல் அறுந்து அறுந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

இசைக்குக் கிடைக்கும் இடத்தை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எல்லா ப்ளூடூத் இயர்போன்களிலும் கட்டாயம் இருக்கவேண்டிய எஸ்பிசி என்ற கோடெக், நல்ல தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட் எடுத்துக்கொள்கிறது. கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் முறை. சோனியின் எல்டாக் கோடெக் 990 கிலோபிட் வரை போகும். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் இந்தப் பெயர்கள் எல்லாம் இசை முறைக்கு உரியவை. அழைப்பு எப்படிக் கேட்கும் என்பது பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. விளம்பரங்கள் இதைத் தெளிவாகச் சொல்லாதது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அழைப்பின் 64 கிலோபிட்டுக்குள் முதலில் குடியேறிய கோடெக் சிவிஎஸ்டி. அது எளிமையானது, உறுதியானது: ஒலி அலை சற்று மேலே போனதா, கீழே வந்ததா என்பதை மட்டும் ஒவ்வொரு பிட்டாகச் சொல்லிக்கொண்டே போகும். ஒரு பிட் கெட்டாலும் சின்ன உறுத்தலோடு போய்விடும். ஆனால் அது கையாள்வது நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்ட குரலை. அப்படி அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் பிடிக்க முடியாது. நடைமுறையில் 3,400 வரைதான் வரும். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் அளவுவரை கேட்கக்கூடியது.

3,400க்கு மேல் வெட்டினால் பேச்சில் என்ன இழப்பு? உயிரெழுத்துகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற காற்றொலிகளின் பெரும் பகுதி அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் போனில் சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று எதிர்முனை திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். சத்தத்தைக் கூட்டினால் பயன் இல்லை. வந்து சேராத ஒலியைக் கூட்ட முடியாது.

2011இல் வந்த ஹெச்எஃப்பி 1.6 இதை ஓரளவு சரிசெய்தது. எம்எஸ்பிசி என்ற கோடெக், ஏறக்குறைய அதே 64 கிலோபிட்டுக்குள், நொடிக்கு 16,000 முறை அளந்த குரலை அடைக்கிறது. குரல் 7,000 ஹெர்ட்ஸ் வரை விரிகிறது. ‘ஸ்’ திரும்பி வருகிறது. இன்றும் ஒற்றைத் தடம்தான், இசைக்குப் போதாது. போன், இயர்போன் இரண்டிலும் அது இருந்தால்தான் வேலை செய்யும். ஒன்றில் இல்லாவிட்டால் பழைய சிவிஎஸ்டிக்கே இறங்கிவிடும்.

சாதாரண போன் அழைப்பில் நெட்வொர்க்கும் ஒரு கண்ணி. 4ஜி வழியே செல்லும் வோல்டிஇ அழைப்புகள் பொதுவாக விரிந்த குரலைச் சுமக்கின்றன. 2ஜிக்கு இறங்கினால் பெரும்பாலும் குறுகிவிடும். எங்கே குறுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே ப்ளூடூத்தை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக் கேளுங்கள். குரல் தெளிந்தால் இடறுவது ப்ளூடூத். அப்போதும் மந்தமாகவே இருந்தால், நெட்வொர்க்கையோ எதிர்முனையில் இருப்பவரின் கருவியையோதான் சந்தேகிக்க வேண்டும்.

மடிக்கணினியில் தீர்வு கையிலேயே இருக்கிறது. மீட்டிங் செயலியின் ஒலி அமைப்புக்குப் போய், ஸ்பீக்கராக இயர்போனையும், மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். இயர்போன் மைக்கை எந்தச் செயலியும் கேட்காததால் இணைப்பு இசை முறையிலேயே நிற்கும். எதிராளியின் குரலும் முழுதாக வரும். அமைதியான அறையில் உங்கள் குரல்கூட அவர்களுக்கு மேலாகக் கேட்கலாம். விசிறி ஓடும் அறையிலோ பலர் பேசும் அலுவலகத்திலோ இது உதவாது, ஏனென்றால் மடிக்கணினி மைக் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். அங்கே கம்பியுள்ள ஹெட்செட்டை விஞ்ச எதுவும் இல்லை. சில நேரம் மீட்டிங் முடிந்த பின்னும் பாட்டு மந்தமாகவே இருக்கும். பின்னணியில் ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அதை மூடினால் சரியாகிவிடும்.

வேரோடு மாற்றும் முயற்சி எல்இ ஆடியோ. எல்சி3 என்ற புதிய கோடெக்கோடு 2022இல் இதன் வரையறைகள் முழுமை பெற்றன. இதில் இசை, அழைப்பு என்று இரண்டு உலகங்கள் இல்லை. ஒரே அமைப்பில் காதுக்கு ஸ்டீரியோ போகலாம், மைக்கிலிருந்து 32,000 முறை அளந்த குரல் திரும்பலாம். ஆனால் பெட்டியில் ப்ளூடூத் 5.2 அல்லது 5.3 என்று போட்டிருப்பதால் மட்டும் இது கிடைத்துவிடாது. இயர்போனின் விவரப் பட்டியலில் எல்இ ஆடியோ என்று தனியாக எழுதியிருக்க வேண்டும், உங்கள் போனோ கணினியோ அதை ஆதரிக்க வேண்டும், சில கருவிகளில் அமைப்புக்குள் போய் அதை இயக்கவும் வேண்டும்.