பாருக்கு ஆறு வாரம் போதும், ரிசப்ஷனுக்குப் போதாது

பிளஸ் டூ முடித்துவிட்டு ஓட்டல் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: டிப்ளமோ படிக்கலாமா, சில வார சர்டிபிகேட் போதுமா? எந்த வேலை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பார் வேலை என்றால் சர்டிபிகேட் போதும் என்பேன். அங்கே சேர்ந்ததும் யாரும் காக்டெயில் கலக்க விடமாட்டார்கள். ஐஸ் நிரப்புவது, கிளாஸ் துடைப்பது, ஸ்டோரிலிருந்து பாட்டில் கொண்டுவருவது என்றுதான் தொடங்கும். பிறகு ஊற்றும் கை பழக வேண்டும். 750 மில்லி பாட்டிலில் 30 மில்லி பெக் கணக்கில் 25 பெக் வரும். கை தாராளமாகி ஒவ்வொரு முறையும் 35 மில்லி விழுந்தால், 21 பெக்கிலேயே பாட்டில் காலி. ஸ்டாக் எடுக்கும்போது அந்த நாலு பெக் கணக்கில் உதைக்கும். கேள்வி ஊற்றியவரிடம்தான் வரும். இதை வகுப்பறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்க வேண்டியதில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டத்தில், உணவு பரிமாறும் பிரிவுக்குக் கட்டணமில்லாமல் ஆறு வாரப் பயிற்சிதான் வகுத்தார்கள். உள்ளே நுழைய அந்த அளவு அடிப்படை போதும். மிச்சத்தை மூத்த பார்டெண்டரின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும்.

ஃப்ரண்ட் ஆபீஸ் அப்படியில்லை. சிரித்து வரவேற்கவும் சாவி கொடுக்கவும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். நைட் ஷிப்டில்தான் சிக்கல். நள்ளிரவில் வெளிநாட்டு விருந்தினர் வந்தால் பாஸ்போர்ட், விசா விவரங்களை வாங்கி, 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு நைட் ஆடிட்: அன்றைய வாடகையை ஒவ்வொரு அறையின் கணக்கிலும் ஏற்றி, அந்த நாளின் கணக்கை மூட வேண்டும்.

அப்படி ஏற்றும் வாடகையிலும் வகை உண்டு: காலை உணவும் சேர்ந்ததற்கு சி.பி. பிளான் என்றும், அறைக்கு மட்டுமானதற்கு ஈ.பி. என்றும் பெயர். சி.பி.யில் புக் செய்தவரை ஈ.பி. என்று பதிவு செய்துவிட்டால் அன்றிரவு ஒன்றும் தெரியாது. மறுநாள் ரெஸ்டாரன்ட் அவர் சாப்பிட்ட இட்லிக்கும் பில் போடும். செக்-அவுட்டில் அவர் சண்டைக்கு நிற்கும்போது, பழைய பதிவைத் தேடிப் பிழையைப் பிடித்து, வரியோடு சேர்த்துத் திருத்தத் தெரிய வேண்டும். சர்டிபிகேட் படித்தவர்களுக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்பது தெரிகிறது. கணக்கு எங்கே பிசகியது என்பது தெரிவதில்லை. சென்னை தரமணியில் இருப்பது போன்ற அரசு ஐ.எச்.எம்.கள் நடத்தும் ஒன்றரை வருட டிப்ளமோவில் ஆறு மாதம் ஓட்டலிலேயே பயிற்சி. பிழையைப் பிடிக்கும் புத்தி அங்கேதான் வருகிறது.

டிப்ளமோ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். ரிசப்ஷனுக்கு என்று சேர்த்துவிட்டு, பயிற்சிக் காலம் முழுவதும் பேங்க்வெட்டில் தட்டு தூக்க அனுப்பும் இடங்களும் உண்டு. சேரும் முன்பே, போன வருட மாணவர் ஒருவரின் பயிற்சிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்பது அதில் இருக்கும். ஃப்ரண்ட் ஆபீஸ் என்ற வரியே அதில் இல்லையென்றால், அந்தப் பணத்தை அங்கே கட்ட வேண்டாம்.