இலவச அறையும் விலைபோகாத எழுத்தும்

செவிலிமேட்டில் என் உறவினர் ஒருவர் தம் வீட்டின் மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணியருக்கு விடுகிறார். பயண எழுத்தாளர் ஒருவரை இலவசமாகத் தங்க அழைக்க எண்ணி, அதற்கான கடிதத்தை என்னிடம் காட்டினார். "இரண்டு நாள் தங்குங்கள், எங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதினால் போதும்" என்பதுதான் அதன் சாரம். வெள்ளை மனத்துடன் எழுதப்பட்ட அந்த வரியில்தான் சிக்கல் முழுவதும் இருந்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டுக்கடைக்குப் பயணியை அழைத்துவருபவருக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது ஊரறிந்த வழக்கம். அவர் காட்டும் கடை நல்ல கடையாகவே இருக்கலாம். ஆனால், கமிஷன் பற்றித் தெரியாத பயணி, அவர் சொல்லை நடுநிலையான யோசனை என்று நம்பிவிடுகிறார். இலவச அறையில் தங்கியதை மறைத்து எழுதப்படும் கட்டுரையும் அத்தகையதே.

சட்டமும் இதையே சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை சமூக ஊடகப் பிரபலங்களுக்கென வெளியிட்ட கையேடு, பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், பயணம், விடுதித் தங்கல் ஆகியவையும் அத்தகைய தொடர்பே என்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தவறு தொடர்ந்தால் 50 லட்சம் வரை.

எனவே, கடிதத்தை மாற்றி எழுதினோம். முதலில், தருவது என்ன என்பதை வரையறுத்தோம்: இரண்டு இரவுகள், ஒரு அறை, இருவருக்குக் காலை உணவு. வாடகைக் காரும் பட்டுப்புடவையும் இதில் அடங்கா. பணம் கொடுத்து வருபவருக்குத் தரும் அதே அறைதான் என்பதையும் சேர்த்தோம். விருந்தாளிக்கென்று தனியாக மெருகேற்றிய அறையைக் காட்டினால், எழுத்தாளர் நேர்மையாக எழுதினாலும் வாசகர் ஏமாறுவார்.

அடுத்து, எதிர்பார்ப்பது என்ன என்பது. "தங்கிச் சென்ற 30 நாள்களுக்குள் ஒரு கட்டுரையும் குறைந்தது ஆறு படங்களும் வெளியிட வேண்டுகிறோம். 'இல்லத்தாரின் அழைப்பில் கட்டணமின்றித் தங்கினேன்' என்ற வரி கட்டுரையின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். கட்டுரை தமிழில் என்றால் அந்த வரியும் தமிழில் இருக்கட்டும்." எண்ணிக்கையையும் நாளையும் கேட்கலாம், தீர்ப்பைக் கேட்கக் கூடாது. இந்த எல்லைக்கோடு கடிதத்திலேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

உறவினர் மிகவும் தயங்கியது அடுத்த பத்தியில்தான். "வெளியிடும் முன் எங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. கட்டணம், தொலைவு, நேரம் போன்ற விவரங்களைச் சரிபார்க்க மட்டும் கேளுங்கள். குறைகளைத் தாராளமாக எழுதுங்கள். அதற்காகக் கட்டணம் கேட்கமாட்டோம்; நீக்கச் சொல்லவும்மாட்டோம்." கடைசி வாக்கியம் இல்லையென்றால், முந்தைய உறுதிமொழிகளுக்குப் பொருளில்லை. அறைக்கான கட்டணம் பின்னால் வருமோ என்ற அச்சம் ஒருவரின் பேனாவைக் கட்டிப்போடப் போதுமானது.

குறைகளை நாங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டோம். பாலாறு அருகில்தான், ஆனால், ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. விடிந்ததும் சத்தம் கேட்கும். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். கருவறையைப் படமெடுக்க முடியாது. ராமானுஜர் வரலாற்றோடு இணைத்துச் சொல்லப்படும் சாலைக்கிணறு அருகில் உண்டு; ஆனால், அது வழிபாட்டு இடம், படப்பிடிப்புத் தளமல்ல.

நெசவாளர் குறித்தும் ஒரு வரி சேர்த்தோம். அறையைத் தரும் உரிமை எங்களுக்கு உண்டு. அடுத்த வீட்டுக்காரரின் முகத்தையும் உழைப்பையும் காட்சிப்பொருளாகத் தரும் உரிமை இல்லை. தறியருகே செல்லவும் படமெடுக்கவும் அவரிடமே கேட்க வேண்டும் என்று எழுதினோம்.

இவ்வளவு எழுதியும் ஒரு வரம்பு உண்டு. உணவிட்டவரைக் குறைசொல்ல நம்மவர்க்கு நா எழாது. எந்தக் கடிதமும் அந்தக் கூச்சத்தை முழுதாகப் போக்காது. அதனால்தான் அந்த வெளிப்படை வரி தேவைப்படுகிறது. எழுத்தாளரின் கூச்சத்தை எவ்வளவு கழித்துக்கொண்டு படிப்பது என்பதை வாசகர் முடிவுசெய்துகொள்வார்.

எழுத்தாளர் வந்தார், தங்கினார், எழுதினார். அழைப்பில் தங்கியதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். தறிச் சத்தத்தில் ஐந்தரை மணிக்கே விழிப்பு வந்ததையும், குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழாததையும் மறைக்கவில்லை. உறவினருக்கு ஒருநாள் முகம் வாடியிருந்தது. மறுநாள் தச்சரை அழைத்துத் தாழ்ப்பாளை மாற்றினார். தறியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.