108 பெரிதா, 50 பெரிதா?

இரண்டு செல்போன்களின் விவரப்பட்டியல்களை அருகருகே வைத்து எது சிறந்தது என்று கேட்பவர், தம்மிடம் உள்ள பணம் எவ்வளவு, போனால் அன்றாடம் ஆகவேண்டிய வேலை என்ன என்ற இரண்டையும் சொல்லாதபோது, பெரிய எண் இருக்கும் பக்கம் தீர்ப்பு சாய்வது வழக்கம். ஆனால் அந்த எண்களில் சில, ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையே அல்ல.

முதல் பட்டியலில் 108 மெகாபிக்சல் கேமரா, 8+8 ஜிபி ரேம், மெமரி கார்டு வசதி ஆகியவையும், இரண்டாவதில் 50 மெகாபிக்சல் கேமரா, ஓஐஎஸ், 8 ஜிபி ரேம் ஆகியவையும் இருப்பதாகக் கொள்ளலாம். கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரின் அளவு முன்னதில் 1/1.67 அங்குலம், பின்னதில் 1/1.56 அங்குலம் என்றால், பின்ன எண்ணின் கீழ்ப்பகுதி சிறிதாக உள்ள இரண்டாவதே சற்றுப் பெரியது. முதல் சென்சாரின் பிக்சல் ஒவ்வொன்றும் 0.64 மைக்ரான் அகலமே உடையதாதலால், அடுத்தடுத்த ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்க்கும் ‘பிக்சல் பின்னிங்’ என்ற முறையில், வழக்கமான படம் 12 மெகாபிக்சலாகவே பதிவாகிறது. சேர்ந்த பிக்சலின் அகலம் 1.92 மைக்ரான். 1 மைக்ரான் பிக்சல்களை நான்கு நான்காகச் சேர்க்கும் இரண்டாவதில் படம் 12.5 மெகாபிக்சலாகவும், சேர்ந்த பிக்சல் 2 மைக்ரானாகவும் அமைகின்றன. இரு மடங்குக்கும் மேலாகத் தோன்றிய வேறுபாடு இவ்வாறு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. நல்ல வெயிலில் 108 மெகாபிக்சல் நிலையைத் தனியே தேர்ந்தெடுத்து எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது மட்டும் முதலாவதற்குச் சிறிது ஆதாயம் உண்டு.

எஞ்சும் உண்மையான வேறுபாடு ஓஐஎஸ்: கை நடுங்கும் திசைக்கு எதிராக லென்ஸை நகர்த்தி, மங்கிய ஒளியில் நீண்ட நேரம் ஒளி வாங்கும்போதும் படம் கலங்காமல் காக்கும் அமைப்பு அது, எனினும் ஓடும் குழந்தையின் உருவம் மங்குவதை அதனால் தடுக்க முடியாது. ரேமில் கூட்டிக் காட்டப்படும் இரண்டாவது 8 ஜிபியோ, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய, வேகம் குறைந்த இடமே. அதை ரேமாக எண்ணுவது பொருந்தாது.

ஆகவே, கேட்டவரைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில் நேர்மையான விடை நிபந்தனையோடுதான் வரமுடியும்: மாலையிலும் வீட்டுக்குள்ளும் படம் எடுப்பவருக்கு இரண்டாவதும், திரைப்படங்களைக் கார்டில் நிரப்பி வைத்துப் பார்ப்பவருக்கு முதலாவதும் ஏற்றவை, அழைப்பும் வாட்ஸ்அப்பும் மட்டுமே போதும் என்பவருக்கு விலை குறைந்தது எதுவோ அதுவே சரி, ஏனெனில் ஓஐஎஸ்ஸுக்காக அவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பயன்படப்போவதில்லை. பெரும்பாலும் பட்டியலில் இடம்பெறாத பாதுகாப்பு அப்டேட் காலத்தை மட்டும், இந்த மூவருக்காகவும் தனியே தேடிப் பார்த்தாக வேண்டும்.