ஐந்தரை மடங்கா, இருபத்து மூன்றரை மடங்கா?

1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ வட்டாரத்தில் ஒரு தேவாலய விருந்துக்குப் பிறகு பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. நோய்ப்பரவல் இயல் மாணவர்கள் இன்றும் பயிற்சிக் கணக்காகப் போடும் நிகழ்வு இது. விருந்துக்கு வந்தவர்களில் 75 பேரை விசாரித்தார்கள். சந்தேகம் வெனிலா ஐஸ்கிரீம் மீது விழுந்தது.

| | நோயுற்றோர் | நலமாக இருந்தோர் |
|---|---|---|
| சாப்பிட்டோர் | 43 | 11 |
| சாப்பிடாதோர் | 3 | 18 |

சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் நோயுற்றார்கள். ஏறத்தாழ 80 சதவீதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேர், 14 சதவீதம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சுமார் 5.6. இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க். ஐஸ்கிரீம் சாப்பிட்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஐந்தரை மடங்கு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆட்ஸ் ரேஷியோ வேறு கணக்கு. நோயுற்றவர்களை மொத்தப் பேரால் வகுக்காமல், நலமாக இருந்தவர்களால் வகுக்கிறோம்: 43/11, 3/18. இவ்விரண்டின் விகிதம் சுமார் 23.5.

இதை “இருபத்து மூன்றரை மடங்கு ஆபத்து” என்று எழுதுவதுதான் பெரிய பிழை. சரிபார்ப்பது எளிது: 14 சதவீதத்தை 23.5 ஆல் பெருக்கினால் 300 சதவீதத்தையும் தாண்டும். நூறு பேரில் முந்நூறு பேருக்கு நோய் வருமா?

நோய் அரிதாக இருந்தால் நலமாக இருப்பவர்களும் மொத்தமும் ஏறக்குறைய ஒன்றே. இரு எண்களும் நெருங்கிவிடும். இங்கே பாதிக்கு மேற்பட்டோர் நோயுற்றதால் விலகின. நோயாளிகளையும் நலமானவர்களையும் ஆய்வாளரே தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஆய்வுகளில் ஆபத்தின் சதவீதம் கிடைக்காது. அங்கேதான் ஆட்ஸ் ரேஷியோ தேவை.